படத்தில் தலைப்பாகை கட்டுவது: மாறுவேடப் படத்துக்கு அளவும் வெளிச்சமும்

டிசம்பர் 11, பாரதியார் பிறந்தநாள். அதற்கு ஒரு வாரம் முன்பே பல பள்ளிகளில் அறிவிப்பு வந்துவிடும்: ‘குழந்தையின் பாரதி வேடப் படம் ஒன்றை அனுப்பவும், தகவல் பலகையில் ஒட்ட வேண்டும்.’ வாடகைக்குச் சொன்ன உடை அதற்குள் வந்திருக்காது. வந்திருந்தாலும் ஆறு வயதுப் பிள்ளை தலைப்பாகையை இரண்டு நிமிடத்துக்கு மேல் தலையில் வைத்திருக்க மாட்டான். அதனால் சாதாரணமாக எடுத்த படத்தில் தலைப்பாகையையும் கோட்டையும் கணினியில் பொருத்தித் தர முடியுமா என்று கேட்டு வருவார்கள். சென்ற வருடம் என் தங்கை மகனுக்கும் அப்படித்தான் ஒரு படம் செய்தேன். அந்த ஒரு படத்தை வைத்தே முறையைச் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் ‘பாரதி தலைப்பாகை’ என்று தேடினால் பின்னணி வெட்டிய படங்கள் வேண்டிய அளவு கிடைக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல்தான் இருக்கும். காரணம் வெட்டிய விதம் இல்லை. அந்தத் தலைப்பாகை வேறொரு தலையில், வேறொரு வெளிச்சத்தில், வேறொரு உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது. பாதிக்கு மேல் கல்யாணத் தலைப்பாகைகள் வேறு: நடுவில் கல் வைத்த பதக்கம், மேலே குஞ்சம். பாரதியின் பழைய புகைப்படங்களில் இருப்பது எந்த அணியும் இல்லாத வெறும் வெள்ளைத் துணி.

அதனால் என் முதல் யோசனை இது: தலைப்பாகையை நீங்களே படம் எடுங்கள். ஒரு வெள்ளை வேட்டி போதும். என் மைத்துனர் தலையில் கட்டி, பையனை உட்கார வைத்த அதே ஜன்னல் ஓரத்தில், அதே நாற்காலியில் அவரை உட்கார வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். கட்டிக்கொள்ள ஆள் இல்லையென்றால் குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் கட்டியும் எடுக்கலாம். மீசையையும் நெற்றிக் குங்குமத்தையும் கணினியில் சேர்க்கவே வேண்டாம். மைப் பென்சிலால் நிஜமாகவே வரைந்துவிட்டுப் படம் எடுங்கள். நிஜமாகப் போடக்கூடியதையெல்லாம் போட்டுவிட்டு, முடியாததை மட்டும் ஒட்டுவதுதான் குறைந்த வேலை, நல்ல படம்.

இனி அளவு. தலைப்பாகையை இழுத்து இழுத்துச் சின்னதாக்கி, ‘இப்போது சரியாக இருக்கிறதா’ என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் அரை மணி நேரம் கழித்து எது சரியென்றே தெரியாமல் போகும். படத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கண்ணின் கருவிழி வட்டம் (நடுவிலுள்ள பாவையோடு சேர்ந்த முழு வட்டம்) ஏறக்குறைய எல்லோருக்கும் 12 மில்லிமீட்டர் விட்டம். இரண்டு மூன்று வயதுக்குள் பெரியவர்களின் அளவை எட்டிவிடும், அதற்குப் பிறகு பெரிதாக வளர்வதில்லை. பையனின் முகம் சின்னது, மைத்துனரின் முகம் பெரியது, கருவிழி மட்டும் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே.

நான் பயன்படுத்துவது கிம்ப் என்ற இலவச மென்பொருள். அதில் `Measure` கருவியை எடுத்துக் கருவிழியின் குறுக்கே, இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுங்கள். மேலிருந்து கீழாக அளந்தால் இமை மறைத்திருக்கும், கணக்கு தப்பும். கேமராவை நேராகப் பார்க்கும் கண்ணாகவும் இருக்க வேண்டும். பையன் படத்தில் எனக்குக் கிடைத்தது 48 பிக்சல். 12 மி.மீ.க்கு 48 என்றால் ஒரு மி.மீ.க்கு 4 பிக்சல். மைத்துனர் படத்தில் கருவிழி 60 பிக்சல், அதாவது மி.மீ.க்கு 5. ஆகவே அவருடைய படத்தை 80 சதவீதமாகச் சுருக்கினால் இரண்டு படங்களும் ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன.

இங்கே ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். 80 சதவீதம் என்பது மைத்துனரின் தலைப்பாகையை அப்படியே கழற்றிப் பையன் தலையில் வைத்ததற்குச் சமம். அது காது வரை இறங்கும். அவர் தலையில் அதன் அகலம் 20 சென்டிமீட்டர். ஆறு வயதுப் பிள்ளையின் தலை சுமார் 14 செ.மீ. அகலம், இரண்டு பக்கமும் துணிச்சுற்று இரண்டேகால் செ.மீ. வீதம் சேர்த்தால் பதினெட்டரை. அதாவது 740 பிக்சல். மைத்துனர் படத்தில் தலைப்பாகை 1000 பிக்சல் இருந்ததால், 74 சதவீதத்துக்குச் சுருக்கினேன். நிஜ அளவைவிட ஏழெட்டு சதவீதம்தான் குறைவு என்பதால் துணியின் மடிப்புகளைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கோட்டில் இந்தச் சலுகை கிடையாது. பெரியவர் ஒருவரின் தோள் அகலம் சுமார் 45 செ.மீ., ஆறு வயதுப் பையனுக்கு 28 செ.மீ. தலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்: பெரியவருக்குத் தோள் அகலம் தலை உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சிறுவனுக்கு ஒன்றரை மடங்குக்கும் குறைவு. முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது பெரியவர் கோட்டைத்தான் சுருக்கி ஒட்டினேன். தோள் சரியாகவே பொருந்தியது. ஆனாலும் படம் ஏதோ பொம்மைக்குச் சட்டை போட்டதுபோல் இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் பிடிபட்டது: பொத்தான். நிஜத்தில் 20 மி.மீ. இருக்கும் கோட்டுப் பொத்தான், சுருக்கியதில் 12 மி.மீ. ஆகிவிட்டது. அதாவது பையனின் கருவிழியும் பொத்தானும் ஒரே அளவு! கழுத்துப் பட்டையும் அதேபோல் ஒல்லியாகிவிட்டது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் அதைப் பிடித்துவிடும்.

அதனால் கோட்டுக்குச் சிறுவர் கோட்டே வேண்டும். எங்கள் வீட்டில் பத்து வயது அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய பள்ளிக் கோட்டை அவள் மேலேயே போட்டு எடுத்தோம். அவள் தோள் 33 செ.மீ., இவனுக்கு 28. சுருக்கம் 85 சதவீதம்தான், பொத்தான் 17 மி.மீ.க்கு வந்தது, உறுத்தவில்லை. கருநீலத்தைக் கறுப்பாக்குவது சுலபம். பையிலிருந்த பள்ளிச் சின்னத்தை `Heal` கருவியால் எடுத்துவிட்டேன்.

அளவோடு சேர்ந்தது சாய்வு. பிள்ளைகள் தலையை நேராக வைத்திருக்கவே மாட்டார்கள். `Measure` கருவியால் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குக் கோடு இழுத்தால் கோணத்தையும் அது காட்டும். எங்கள் படத்தில் 4 பாகை. தலைப்பாகையை அதே 4 பாகை சாய்த்தேன். கோட்டைச் சாய்க்கக் கூடாது, அது தோளைப் பின்பற்ற வேண்டும், தோள் நேராகத்தான் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சாய்த்துவிடுவது புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

தலைப்பாகை உட்காரும் இடமும் முக்கியம். பலர் முடிக்கு மேலே, தொப்பி கவிழ்த்ததுபோல் வைக்கிறார்கள். கட்டிய துணியின் கீழ்விளிம்பு முடி தொடங்கும் கோட்டுக்குக் கீழே, நெற்றியின் நடுவில் வரும். புருவத்துக்கு மேல் இரண்டரை செ.மீ. விட்டேன், நம் கணக்கில் 100 பிக்சல். குங்குமத்துக்கு அந்த இடம் போதும். காதின் மேல்நுனியைத் துணி லேசாக அழுத்தும். தலைப்பாகை இருக்கும் லேயரின் மேல் வலது கிளிக் செய்து `Add Layer Mask` கொடுத்து, கறுப்புத் தூரிகையால் துணியை மறைத்துக் காதின் கீழ்ப்பகுதியை வெளியே கொண்டுவாருங்கள். அழிப்பானால் அழிக்க வேண்டாம். மாஸ்க்கில் தப்பாகப் போனால் வெள்ளைத் தூரிகையால் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் இந்தக் கீழ்விளிம்பே சொல்லிவிடும். கேமரா பையனின் கண் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருந்தால், நெற்றியைச் சுற்றும் விளிம்பு நடுவில் லேசாக மேலே வளைந்து தெரியும். நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்திருந்தால், நடுவில் தொங்கி, தொட்டிலைப் போல வளையும். அப்பா நின்றபடி எடுத்த பிள்ளைப் படங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இணையத்துத் தலைப்பாகைகள் பெரும்பாலும் முதல் வகை. கொஞ்சம் வித்தியாசமென்றால் `Warp Transform` கருவியால் வளைத்துவிடலாம். நிறைய இருந்தால் விட்டுவிட்டு வேறு படம் எடுப்பதே நல்லது. முகம் பக்கவாட்டில் பாதி திரும்பியிருக்கும்போது நேர்ப்பார்வைத் தலைப்பாகையை என்ன வளைத்தாலும் பொருந்தாது.

அடுத்து வெளிச்சம். பையனின் கண்ணுக்குள் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும், அதுதான் ஜன்னல். எங்கள் படத்தில் அது கடிகாரத்தின் 10 மணி இடத்தில் இருந்தது. வெளிச்சம் படத்தின் இடது மேல்பக்கத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம். மூக்கின் நிழல் வலதுபக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். பிறகு தலைப்பாகையின் மடிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பின் இடதுபக்கமும் வெளுத்து, வலதுபக்கம் இருண்டிருந்தால் சரி.

எதிர்மாறாக இருந்தால் உடனே படத்தை இடவலமாகத் திருப்பத் தோன்றும். தலைப்பாகை மட்டுமென்றால் திருப்பலாம். ஆண்கள் கோட்டில் இடதுபக்கத் துணி மேலே வந்து பொத்தான் போடும். மார்புப் பையும் இடது மார்பில். திருப்பினால் இரண்டும் மாறிவிடும். (அக்காவின் பள்ளிக் கோட்டில் நான் முதலில் சரிபார்த்தது இதைத்தான்.) வேலு நாச்சியார் வேடம் செய்பவர்களுக்கு இது இன்னும் பெரிய சிக்கல்: முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், வாள் இடது கைக்கு வந்துவிடும். எந்தப் பாட்டியும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

திசை சரியாக இருந்தாலும் நிழலின் தன்மை வேறாக இருக்கலாம். மொட்டை மாடி வெயிலில் எடுத்த துணியில் மடிப்பு நிழல்கள் கத்தியால் வெட்டினதுபோல் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் நிழல் மெல்ல மெல்ல கரையும். இதை மென்பொருளில் சரிசெய்வது மிகக் கடினம், வெயில் படத்தைத் தவிர்ப்பதே வழி.

இனி எல்லோரும் மறப்பது. தலைப்பாகை நெற்றியில் ஒரு நிழல் போடும். அந்த நிழல் இல்லாததால்தான் ஒட்டியது ஒட்டியதாகத் தெரிகிறது. முகப்படத்துக்கு மேலே, தலைப்பாகைக்குக் கீழே ஒரு புது லேயர் சேர்த்து, அதன் `Mode` என்பதை `Multiply` ஆக்குங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். கறுப்பு போட்டால் நெற்றியில் கரி பூசியதுபோலாகும். பையனின் தாடைக்குக் கீழே கழுத்தில் ஏற்கெனவே ஒரு நிழல் இருக்கிறதல்லவா, `Color Picker` கருவியால் அந்தப் பழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிழலை இரண்டாகப் போட வேண்டும். துணி தோலைத் தொடும் இடத்தில் மெல்லிய, அடர்ந்த கோடு: அகலம் 8 பிக்சல், அதாவது நிஜத்தில் 2 மி.மீ.; இதற்கு `Gaussian Blur` 3 அல்லது 4. அடுத்து வேறொரு லேயரில், விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. கீழே வரை பரவும் மங்கலான நிழல்: 60 பிக்சல் அகலம், `Gaussian Blur` 20 அளவில், `Opacity` 35 சுற்றி. வெளிச்சம் இடது மேலிருந்து வருவதால் இந்த இரண்டாவது நிழல் நெற்றியின் வலதுபக்கம் சற்று அதிகமாக இறங்க வேண்டும். இவை இரண்டையும் அணைத்துவிட்டு ஒருமுறையும், போட்டுவிட்டு ஒருமுறையும் பாருங்கள். மேலே மிதந்துகொண்டிருந்த துணி தலையில் இறங்கி உட்காருவது கண்முன்னே நடக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கணம் இதுதான்.

கோட்டுக்கும் இப்படியே. கழுத்துப் பட்டை கழுத்தில் நிழல் போடும். கூடவே முகமும் கோட்டின் மேல் நிழல் போடும்: தாடையின் நிழல் வலதுபக்கப் பட்டையின் மேல்பகுதியில் விழ வேண்டும். சட்டையில் விழுந்திருந்த அந்த நிழலைக் கோட்டு மறைத்துவிட்டது, நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நிறம் கடைசி. வெள்ளைத் துணி எந்த வீட்டிலும் சுத்த வெள்ளையாக இருக்காது. மஞ்சள் சுவருள்ள அறையில் மஞ்சள் படிந்திருக்கும், டியூப்லைட்டில் நீலமோ பச்சையோ ஏறியிருக்கும். பையன் படத்தில் வெள்ளை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று அறிய ஒரு சாட்சி வேண்டும். இவன் பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அதனால்தான் வேடப் படத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு எடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கோட்டுக்குள்ளே தெரிவதற்கும் அது ஆகும்.

`Color Picker` கருவியில் `Sample average` என்பதைத் தேர்ந்து, சட்டையின் வெளிச்சமான தோள்பகுதியைத் தொட்டேன். சிவப்பு 234, பச்சை 227, நீலம் 213 என்று காட்டியது. நீலம் குறைவு, அதாவது வெள்ளையில் இளமஞ்சள் சாயல். மைத்துனரின் தலைப்பாகையை மறுநாள் மேகமூட்டத்தில் எடுத்திருந்தோம். அதன் வெளிச்சப் பகுதி 240, 243, 248, நீலம் தூக்கல். `Colors` பட்டியலில் `Curves` திறந்து, `Channel` என்ற இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாக எடுத்து, வளைகோட்டின் மேல்பகுதியைக் கொஞ்சம் கீழே இழுத்து மூன்று எண்களையும் சட்டையின் எண்களுக்கு அருகே கொண்டுவந்தேன். பிறகு சட்டையின் நிழல் பகுதியைத் தொட்டு, தலைப்பாகையின் நிழல் மடிப்போடும் அதே ஒப்பீடு. எண்கள் துல்லியமாக ஒன்றாக வேண்டியதில்லை. நான்கைந்து புள்ளி முன்பின் இருக்கலாம். மூன்றில் எது அதிகம், எது குறைவு என்ற வரிசை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கறுப்புக் கோட்டுக்கும் சாட்சி உண்டு: பையனின் தலைமுடியும் கண்பாவையும். படத்திலேயே மிக இருண்ட இடம் கண்பாவையாக இருக்கட்டும். கோட்டின் வெளிச்சப் பக்கம் 50, 60 வரை ஏறி இருக்கலாம். கோட்டை முழுக் கறுப்பாக்கினால் மடிப்பெல்லாம் மறைந்து, நெஞ்சில் ஓட்டை விழுந்ததுபோல் ஆகும்.

வெட்டிய விளிம்பைப் பற்றி ஒன்று. பருத்தித் துணியின் விளிம்பு ஒருபோதும் ரேசர் கோடாக இருக்காது, ஒன்றிரண்டு பிக்சல் மங்கல் வேண்டும். எவ்வளவு என்பதைப் பையனின் காதுமடல் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்து அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். தலைப்பாகைக்குக் கீழே பிதுங்கும் முடியை முழுதாக எடுத்துவிடாதீர்கள். காதோரம் சில இழைகள் இருந்தால்தான் உள்ளே தலை இருப்பதாகத் தோன்றும்.

முடித்ததும் இரண்டு சோதனை செய்வேன். முழுப் படத்தையும் ஸ்டாம்பு அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். முதலில் கண்ணில் படுவது முகமா தலைப்பாகையா? தலைப்பாகை என்றால் அதன் வெள்ளை அதிகம், `Curves` திறந்து இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். நிறம் போனபின் வெளிச்சத்தின் திசை தப்பியிருந்தால் பளிச்சென்று தெரியும்.

எங்கள் படம் 2400-க்கு 3000 பிக்சல். 8-க்கு 10 அங்குலத் தாளில், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் சரியாக அடங்கும். பிரிண்ட் பெரும்பாலும் திரையைவிட இருட்டாகத்தான் வரும், அதில் முதலில் அடிபடுவது கறுப்புக் கோட்டு. பெரிய பிரிண்ட் போடுமுன் 4-க்கு 6 அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அதில் கோட்டுப் பட்டையின் மடிப்பு தெரியவில்லை. கோட்டு லேயரை மட்டும் `Curves` மூலம் ஒரு பிடி தூக்கினேன். இரண்டாவது பிரிண்டில் மடிப்பும் தெரிந்தது, மூன்று பொத்தான்களையும் எண்ண முடிந்தது.